புள்ளி விடுபட்ட பன்னிரண்டு தாள்கள்

ஒரு தேசத்தின் எதிர்காலம் ஒரு சிறு புள்ளியில் அடங்கியிருக்கிறது. அந்தப் புள்ளிக்குத் தமிழ் தெரியாது, தெலுங்கு தெரியாது. எல்லைக்கோடு எந்தப் பக்கம் விழுந்தாலும் அது தன் இடத்தை விட்டு அசையாது. அதுவே தசமப் புள்ளி.

சித்தூர் மிஷன் காம்பவுண்டுப் பள்ளியின் தலைமையாசிரியர் தேவானந்தம், தாம் தயாரித்த பன்னிரண்டு பயிற்சித்தாள்களுக்கு எழுதிய முன்னுரை இப்படித்தான் தொடங்கியது. அதை மூன்று தரம் திருத்தினார். 'அசையாது' என்பதை முதலில் 'நகராது' என்று எழுதி, அதில் போதிய கம்பீரம் இல்லை என்று அடித்துவிட்டு மாற்றினார். மனைவியைக் கூப்பிட்டு உரக்க வாசித்தும் காட்டினார். அந்த அம்மாள் குழம்பு அடிபிடிக்கிறது என்று எழுந்து போனதை அவர் பெரிதுபடுத்தவில்லை.

பிறகு தாள்கள் சைக்ளோஸ்டைல் ஆகி வந்தன. முன்னுரை அழகாக வந்திருந்தது. தாள்கள் பன்னிரண்டிலும் சேர்த்து ஒரே ஒரு தசமப் புள்ளிகூட விழவில்லை.

"பழனி, இது என்ன?" என்றார் தேவானந்தம், டைப்பிஸ்டைக் கூப்பிட்டு.

பழனி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கால் என்ற இடத்தில் 025 என்றிருந்தது. அரை என்ற இடத்தில் 05. முக்காலுக்கு 075.

"நல்லாத்தானே சார் வந்துகீது. எழுத்து ஒண்ணும் பிசிறலையே."

"புள்ளி எங்கேப்பா?"

"புள்ளியை ஓங்கி அடிச்சா ஸ்டென்சில் பொத்துக்குது சார். அப்புறம் மை எறங்கி குண்டுமணியாட்டம் விழும். ஒரு ஸ்டென்சில்கூடக் கிழியக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் மெதுவா அடிச்சேன்."

"எவ்வளவு மெதுவா?"

பழனி கொஞ்சம் யோசித்தான். "விழாத அளவுக்கு சார்."

முன்னுரையில் மட்டும் வாக்கியத்துக்கு வாக்கியம் முற்றுப்புள்ளி இருந்ததே என்று கேட்டதற்கு, அதையெல்லாம் பேனாவால் தானே கையால் வைத்ததாகவும், முன்னுரை முக்கியம் என்று சார் சொல்லியிருந்ததாகவும் பழனி பதில் சொன்னான். அதற்கு மேல் அவனைத் திட்டுவதற்குத் தேவானந்தத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

அது ஐம்பத்தொன்பதாம் வருஷம். நயா பைசா வந்து இரண்டு வருஷமாகியும் கடைவீதியில் அணாதான் பேசிக்கொண்டிருந்தது. கிலோ வரப்போகிறது, லிட்டர் வரப்போகிறது என்று சுவரெல்லாம் விளம்பரம். எந்தத் தாலுகா சென்னைக்கு, எந்தத் தாலுகா ஆந்திரத்துக்கு என்ற பேச்சு வேறு ஒரு பக்கம். அந்தக் களேபரத்துக்கு நடுவே, சின்ன வயதில் பள்ளிக்கூடம் பக்கமே போகாத பெண்களுக்கு இரண்டே வருஷத்தில் எட்டாம் வகுப்புப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பரீட்சைக்கு அனுப்பும் குறுகிய காலப் படிப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். மிஷன் காம்பவுண்டில் பதினான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள், வயலிலிருந்து வருகிறவர்கள், ராமகுப்பத்துப் பக்கம் பட்டுப்புழு வளர்த்துவிட்டு இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் ஒருத்தி. பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை வகுப்பு.

இவர்களுக்குக் கால், அரை, அரைக்கால், வீசம் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் பரீட்சைத்தாள் 'அரைக்கால்' என்று கேட்காது. எட்டில் ஒன்றைத் தசமத்தில் எழுது என்று கேட்கும். நாக்கு நுனிக்கும் பரீட்சைத்தாளுக்கும் நடுவே ஓடிய ஆற்றுக்குத்தான் தேவானந்தம் பன்னிரண்டு தாளில் பாலம் கட்டியிருந்தார். முதல் தாளில் பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை. அதில் ஐந்தை மையால் அடைத்தால் அரை. மூன்றாம் தாளில் நூறு கட்டம். இருபத்தைந்தை அடைத்தால் கால். ஐந்தில் ஆயிரம். ஏழில் வகுத்தல். ஒன்பதில் முடிவே இல்லாத மூன்றில் ஒன்று. பன்னிரண்டில் சோதனை. பக்கத்தின் இடது பாதி தமிழ், வலது பாதி தெலுங்கு. தாலுகா எந்தப் பக்கம் போனாலும் தாள் போகலாம் என்பது கணக்கு.

தாள்கள் நல்ல தாள்கள்தான். அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

இருபதாம் தேதி சனிக்கிழமை திருப்பதியில் மாவட்டக் கமிட்டி கூடுகிறது. அங்கே மூன்று பெண்களை வைத்துத் தாளைச் சோதித்துப் பார்ப்பார்கள். பிடித்துப்போனால் மாவட்டத்திலுள்ள பத்தொன்பது மையங்களுக்கும் அச்சடித்து அனுப்புவார்கள், மேலே தயாரித்தவர் பேர் போட்டு. தயாரித்தவரே மையங்களைச் சுற்றிப் பார்க்கும் மேற்பார்வையாளராகவும் ஆவார். அதற்கு ஒரு ஜீப் உண்டு. முப்பது வருஷம் சைக்கிளில் போய் வந்த தேவானந்தம் அந்த ஜீப்பின் முன்சீட்டில் மனசளவில் ஏற்கெனவே இரண்டு தரம் ஏறி உட்கார்ந்து, ஒரு தரம் டிரைவரைக் கண்டித்தும் இருந்தார்.

கூட்டத்துக்குப் பதினேழு நாள் இருந்தது. புது ஸ்டென்சில் அடுத்த மாசம்தான் வரும்.

வகுப்பு எடுக்கும் ஆசிரியை யூனிஸைக் கூப்பிட்டனுப்பினார். "புள்ளியெல்லாம் கையால் வைத்துவிடு அம்மா."

யூனிஸ் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். "ஒரு செட்டுக்கு முன்னூறு புள்ளியாவது வரும் அய்யா. பதினாலு செட்டு."

"கஷ்டம்தான். ஆனால் தேசத்தின் எதிர்காலம்..."

"தெரியும் அய்யா. முன்னுரையில படிச்சேன்," என்று அவள் தாள்களை எடுத்துக்கொண்டு போனாள்.

நான்காயிரத்துச் சொச்சம் புள்ளியை அவள் வைக்கவில்லை. அடுத்த நாள் பகல், வகுப்பறை ஜன்னலோரமாகத் தற்செயலாக நடந்துபோன தேவானந்தம் (அவர் அந்த ஜன்னலோரம் தினமும் தற்செயலாக நடப்பார்) உள்ளே கேட்ட சத்தத்தில் நின்றுவிட்டார்.

"புள்ளி இல்லாம வந்துட்டுது. நீங்களே வெச்சிக்கோங்க," என்று யூனிஸ் பெண்களிடம் தாளைக் கொடுத்திருந்தாள். ஆளாளுக்குப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா தாட்சாயணி, காலுக்கு எங்க வெச்சே?" என்று எட்டிப் பார்த்தாள் பால்காரி செங்கம்மா. அவளுக்கு முப்பது வயது இருக்கும். எட்டாவது தேறினால் மருத்துவச்சி டிரெயினிங்கில் சேர்த்துக்கொள்வதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

நகரிப் பக்கத்துக்காரியான தாட்சாயணி தாளைக் காட்டினாள். 02.5 என்றிருந்தது.

"அடிப்பாவி, காப்படி எப்பிடி ரெண்டரைப்படி ஆவும்? உன்கிட்ட பால் வாங்கறவன் புண்ணியவான்."

"அப்ப நீ எங்க வெச்சே? பெரிய இவளாட்டம் பேசறே."

"அரைக்கும் கொறைச்சலாத்தானே இருக்கணும்? ரெண்டுக்கு அப்பால வெச்சா முழுசா ரெண்டு ஆயிப்பூடுது. சுழிக்கும் ரெண்டுக்கும் நடுவுல வெய்யி."

இப்படித்தான் ஆரம்பித்தது. மறுநாள் செங்கம்மா தன் அளவுப் பாத்திரங்களையே கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். படி, அரைப்படி, காற்படி, அரைக்கால் படி, வீசம்படி. புள்ளி வைக்கும் முன் எல்லோரும் பாத்திரத்தைப் பார்த்தார்கள். அரையைவிடப் பெரிசா, சின்னதா? காலைவிடப் பெரிசா, சின்னதா? அதன் பிறகுதான் பென்சில் தாளில் இறங்கியது.

ஐந்தாம் தாளில் ஒரு சண்டை வந்தது. அரைக்காலுக்கு 0.125, காலுக்கு 0.25. நூற்றிருபத்தைந்து இருபத்தைந்தைவிடப் பெரிசாச்சே, அப்புறம் அரைக்கால் எப்படிக் காலைவிடச் சிறிசாகும் என்று தாட்சாயணி விடாப்பிடியாக நின்றாள். செங்கம்மா ஒரு வாளித் தண்ணீரை இழுத்து வைத்தாள். அரைக்கால் படியைத் தண்ணீரில் முக்கி இரண்டு தரம் காற்படியில் ஊற்றினாள். காற்படி தளும்பி நின்றது.

"அப்ப புள்ளிக்கு அப்புறம் மொத எழுத்துதான் தலைவரு. பின்னால எத்தினி பேரு வந்தாலும் கூட்டந்தான்," என்று தாட்சாயணி ஒப்புக்கொண்டாள்.

"ஆமா, எல்லாக் கட்சியிலயும் அப்பிடித்தானே," என்று ராமகுப்பத்து அம்சவேணி சொல்ல, வகுப்பே சிரித்தது.

ஏழாம் தாளைப் பாட்டாகவே பாடிவிட்டார்கள். அதில் தேவானந்தம் கொட்டை எழுத்தில் ஒரு விதி எழுதியிருந்தார்: 'கீழே ஒரு சுழி இறக்கினால் மேலே ஒரு எண் ஏறவேண்டும். வகுபடாவிட்டால் சுழியே ஏறட்டும்.' பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் ராகத்தில் அம்சவேணி இதை இழுத்துப் பாட, மற்றவர்கள் கை தட்டினார்கள். ஒன்பதாம் தாளில், மூன்றில் ஒன்றை வகுத்துக்கொண்டே போனால் மூன்று மூன்றாக வந்துகொண்டே இருக்கும், முடியாது என்று யூனிஸ் சொன்னபோது மட்டும் யாருக்கும் சமாதானம் ஆகவில்லை.

"மூணு வூட்டுக்கு ஒரு படியைச் சமமா ஊத்தினா, மிச்சம் ஒண்ணும் இருக்காதே டீச்சரம்மா. இங்க எழுதினா மட்டும் ஏன் மிச்சம் நிக்குது?" என்று கேட்டாள் செங்கம்மா.

"எழுதறதை நீ எங்க நிறுத்தினாலும் கொஞ்சம் மிச்சம் நிக்கும். நிறுத்தாம போனாத்தான் சரியா மூணு பங்கு."

"அப்ப நிறுத்தற எடத்துல கீறத பூனைக்கு ஊத்திடலாம்," என்று அம்சவேணி தீர்ப்புச் சொன்னாள்.

ஜன்னலோரம் நின்ற தேவானந்தத்துக்கு முதலில் வந்தது கோபம். தலைமையாசிரியர் வைக்கவேண்டிய புள்ளியைப் பால்காரிகள் வைப்பதா? ஆனால் அவர் அறிவாளி. எந்தக் கோபத்தையும் இரண்டு நாளில் கொள்கையாக்கிவிடத் தெரிந்தவர். மூன்றாம் நாள் காலையில் முன்னுரையில் ஒரு பத்தி கூடியது: 'புள்ளியை நாம் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். மாணவியே தேடி வைக்கும் புள்ளிதான் மாணவியின் புள்ளி. இதுவே புள்ளிவிலக்கு முறை.'

இதை டைப் அடித்த பழனி, "வேணும்னே விட்டதா சார்?" என்றான்.

"ஆமாம்."

"அப்ப என்னைத் திட்டினது?"

"அது வேறு விஷயம்."

ஸ்டென்சில் வந்ததும் புள்ளி போட்டு மறுபடி அடிக்கலாம் என்ற யோசனை அதோடு செத்தது. இனிமேல் மாணவிகளைத் தவிர யாரும் தாளில் புள்ளி வைக்கக் கூடாது என்று தேவானந்தம் எழுத்திலேயே உத்தரவு போட்டார். புள்ளியோடு கூடிய ஒரே பிரதி, சிவப்பு மையில் அவரே தம் கைப்பட எழுதிய விடைத்தாள். அது அவருடைய அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி அரைஞாணில் இருந்தது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு யூனிஸ் வந்து நின்றாள்.

"அய்யா, விடைத்தாளை ஒரு தரம் பார்த்துக்கலாமா?"

"எதற்கு அம்மா?"

"பன்னெண்டாம் தாள்ல எட்டில் அஞ்சுக்கும் 0625ன்னு இருக்கு, பதினாறில் ஒண்ணுக்கும் 0625ன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணாவா வரும்?"

தேவானந்தம் சிரித்தார். மேற்பார்வையாளர்கள் சிரிக்கிற சிரிப்பு. அதையும் பழகி வைத்திருந்தார். "புள்ளி இல்லாததால் உனக்கு அப்படித் தெரிகிறது. புள்ளியை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகப் போய்விடும்."

அவர் வாழ்நாளில் சொன்ன சரியான வாக்கியங்களில் அது ஒன்று. அவருக்குத்தான் அது தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். தேவானந்தம் முன்னால், கோட்டுடன். பின்னால் யூனிஸும் செங்கம்மாவும் தாட்சாயணியும் அம்சவேணியும். மூன்று பேருக்கும் திருப்பதி புதிசில்லை. கமிட்டிதான் புதிசு. திருச்சானூர் சாலையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவி வெங்கடலட்சுமி அம்மாள், ஓய்வுபெற்ற பள்ளி இன்ஸ்பெக்ட்ரஸ். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். கோபம் வந்தால் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்.

தேவானந்தம் முன்னுரையை வாசித்தார். 'அசையாது' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். ஒரு உறுப்பினர் கைதட்ட யோசித்து, மற்றவர்களைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சரேனண்டி, மெதட் பாகுந்தி," என்றார் வெங்கடலட்சுமி அம்மாள். "புள்ளியை விட்டது நல்ல யோசனை. யாருடைய யோசனை?"

"அடியேனுடையதுதான்," என்றார் தேவானந்தம்.

யூனிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பெண்கள் மூவருக்கும் பன்னிரண்டாம் தாள் கொடுக்கப்பட்டது. இடது பக்கம் பத்துப் பின்னங்கள். எதிரே புள்ளியில்லாத எண்கள். புள்ளி மட்டும் வைக்கவேண்டும். அளவுப் பாத்திரம் எதுவும் இல்லை. ஆனால் செங்கம்மா எழுதும்போது இடது கை மேசைமேல் பெரிதும் சிறிதுமாகக் குவிந்து விரிந்துகொண்டிருந்தது. கால் மணியில் முடித்துவிட்டார்கள்.

தேவானந்தம் எழுந்து, கோட்டுப் பையிலிருந்து விடைத்தாளை எடுத்தார். "திருத்துவதை நானே கமிட்டி முன்னால் செய்கிறேன்," என்று சிவப்புப் பென்சிலைத் தூக்கிக் காட்டினார். அம்சவேணி பத்துக்கு எட்டு. தாட்சாயணியும் எட்டு. கமிட்டி தலையாட்டியது. ஜீப்பின் இன்ஜின் சத்தம் அவருக்குக் கேட்கத் தொடங்கியது.

செங்கம்மாவின் தாளில் சரி, சரி, சரி என்று குறி விழுந்துகொண்டே வந்தது. எட்டில் ஐந்து: 0.625. சரி. கடைசியாகப் பதினாறில் ஒன்று. புள்ளியைச் சுழிக்கும் முன்னால், இடது ஓரத்தில் வைத்திருந்தாள்: .0625. தேவானந்தத்தின் சிவப்புத் தாளில் 0.625.

அவர் பெரிசாக ஒரு பெருக்கல் குறி போட்டார். "ஒன்று மட்டும் தவறு. பரவாயில்லை. புள்ளி எப்போதும் சுழிக்குப் பின்னால்தான் வரவேண்டும், முன்னால் வரலாகாது. ஏழை எளிய பெண், அவசரத்தில்..."

"அய்யா," என்றாள் செங்கம்மா. "அது ஏன் தப்பு?"

"விடைத்தாளில் அப்படி இல்லை அம்மா."

"விடைத்தாள்ல இன்னா கீது?"

"பூஜ்யம் புள்ளி ஆறு இரண்டு ஐந்து."

செங்கம்மா தாளைத் திருப்பிக் காட்டினாள். "அது மேல எட்டில் அஞ்சுக்கு வந்துட்டுதே அய்யா. அதுக்கு நீங்க சரி போட்டீங்க. எட்டில் அஞ்சுன்னா அஞ்சு அரைக்கால், அரைப்படிக்கும் மேல. பதினாறில் ஒண்ணு வீசம். ரெண்டும் எப்பிடி ஒண்ணாவும்? வீசம்படியைக் காட்டி அரைப்படிக்கு மேல ஊத்தினேன்னு சொன்னா, வூட்டுக்காரங்க என்னை வுடுவாங்களா?"

மண்டபத்தில் யாரோ இருமினார்கள்.

"அதனால நீ என்ன செய்தே?" என்று கேட்டார் வெங்கடலட்சுமி அம்மாள்.

"சுழிக்குப் பின்னால வெச்சா அரைக்கு மேல பூடுது. ஆறுக்குப் பின்னால வெச்சா இன்னும் மோசம். வேற வழியில்ல, சுழிக்கு முன்னால தள்ளிட்டேன். இப்ப அரைக்கால்ல பாதி. பன்னெண்டரைல பாதி ஆறேகால்தானே?"

தலைவி விரலை மடக்கினார். "ரூபாயில் வீசம் ஒரு அணா. அணாவுக்கு ஆறேகால் நயா பைசா, போஸ்டாபீசிலே ஆறு கொடுக்கிறார்கள். தேவானந்தம்காரு, உங்கள் விடைப்படி அணாவுக்கு அறுபத்திரண்டரை நயா பைசா ஆகிறதே. எங்கே அண்டி கொடுக்கிறார்கள்? நான் பெட்டியோடு போகிறேன்."

ஏழு பேரில் ஆறு பேர் சிரித்தார்கள். ஏழாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

"டைப்பிஸ்ட் தவறு," என்றார் தேவானந்தம்.

தலைவி கையை நீட்டி விடைத்தாளை வாங்கினார். சிவப்பு மை. அழகான சாய்ந்த கையெழுத்து. டைப் அடித்த ஒரு எழுத்தும் அதில் இல்லை.

"போர்டில் வகுத்துக் காட்டுகிறேன்," என்று தேவானந்தம் கரும்பலகைக்குப் போனார். ஒன்றை எழுதினார், பக்கத்தில் பதினாறு. மேலே பூஜ்யம், புள்ளி. கீழே ஒரு சுழி இறக்கினார், பத்து. பத்தில் பதினாறு போகாது. இன்னொரு சுழி இறக்கினார், நூறு. நூற்றில் ஆறு தரம். சாக்பீஸ் மேலே போய் ஆறு எழுத நீண்டது.

"அய்யா, ஏழாம் தாளு," என்று பின்னாலிருந்து அம்சவேணி மெல்லச் சொன்னாள்.

அவர் திரும்பினார்.

"கீழே ஒரு சுழி இறக்கினால்," என்று தாட்சாயணி ஆரம்பித்தாள், ஏதோ பழக்க தோஷத்தில், குளிப்பாட்டும் ராகத்திலேயே. மூன்று பேரும் சேர்ந்து முடித்தார்கள்: "வகுபடாவிட்டால் சுழியே ஏறட்டும்!"

"ரெண்டு சுழி எறக்கினீங்க அய்யா," என்றாள் செங்கம்மா. குரலில் கேலி இல்லை. பாலில் துரும்பு கிடந்தால் சொல்கிற குரல். "மேல ஒரே ஒரு எண்ணுதான் ஏத்தப் போறீங்க. ஆறுக்கு முன்னால ஒரு சுழி வெக்கணும். நீங்க எழுதின தாளுதான்."

சாக்பீஸ் காற்றில் நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் காப்பித் தட்டோடு உள்ளே வந்தான். வெங்கடலட்சுமி அம்மாள் எழுந்து, கணக்கு காத்திருக்கும், காப்பி ஆறிப்போகும் என்று அறிவித்தார். தேவானந்தம் போர்டைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தலைவிக்கு அவர்மேல் விரோதம் ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்ட்ரஸாக முப்பது வருஷம் இருந்தவர். தலைமையாசிரியர்கள் கரும்பலகை முன்னால் நிற்கும் கோலத்தை அவர் அதிகம் பார்த்திருக்கிறார்.

காப்பிக்குப் பிறகு தீர்மானம் நிறைவேறியது. தாள்கள் பன்னிரண்டும் புள்ளியில்லாமல் அப்படியே அச்சாகும். தயாரித்தவர் பேர் தேவானந்தம் என்றே போடப்படும். பன்னிரண்டாம் தாளின் கடைசி வரியை மாற்ற வேண்டாம் என்று தலைவி வற்புறுத்தினார்.

"ஒரே எண்ணை வைத்து இரண்டு விடை. படிப்பவளை யோசிக்க வைக்கிறது. தாளிலேயே சிறந்த கேள்வி அதுதான்," என்றார். "வேண்டுமென்றே வைத்தீர்களா தேவானந்தம்காரு?"

தேவானந்தம் ஒரு கணம் யூனிஸைப் பார்த்தார். "ஆமாம்," என்றார்.

"சந்தோஷம். விடைத்தாள் மட்டும் அனுப்ப வேண்டாம். மையங்களைச் சுற்றிப் பார்க்கும் பொறுப்பு..." தலைவி காகிதத்தைப் புரட்டினார். "சின்ன வயதுக்காரர் யாராவது போனால் நல்லது. ரோடெல்லாம் மோசம். யூனிஸ் அம்மா, உங்களுக்கு ஜீப்பில் போனால் தலை சுற்றுமா?"

"தெரியாதுங்க," என்றாள் யூனிஸ். "போய்ப் பார்த்ததில்லை."

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் குறைவு. பின்சீட்டில் நான்கு பெண்களும் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு வந்தார்கள்.

"டீச்சரம்மா, ஜீப்புல முன்சீட்டுல குந்துவீங்களா, பின்சீட்டுலயா?"

"எங்க எடம் இருக்கோ அங்க."

"முன்னாலயே குந்துங்க. புள்ளிக்கு அப்புறம் மொத எழுத்துதான் தலைவரு."

சிரிப்புச் சத்தம் முன்சீட்டு வரை வந்தது. தேவானந்தம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். பேர் வரப்போகிறது. பத்தொன்பது மையங்களில், இரண்டு மொழிகளில், எல்லைக்கோடு எந்தப் பக்கம் விழுந்தாலும் வரப்போகிறது. ஜீப் என்பது வெறும் இரும்பு. கரும்பலகையில் நடந்ததும் ஒன்றுமில்லை. காப்பிக்காரன் மட்டும் வராமலிருந்தால் தாமே அந்தச் சுழியை வைத்திருப்பார். ஏழாம் தாளை எழுதியவரே அவர்தானே?

சந்திரகிரி தாண்டியதும் பையிலிருந்து டயரியை எடுத்தார். பஸ் குலுங்கலில் பேனா வழுக்காமல் இருக்க டயரியை முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். விதியை ஒரு தரம் மனசுக்குள் சொல்லிக்கொண்டார், ராகமில்லாமல். பதினாறால் ஒன்றை முதலிலிருந்து, நிதானமாக, யார் தொந்தரவும் இல்லாமல் வகுத்தார்.

0.625 வந்தது.